மைக் நின்றால், ஸ்லைடு உறைந்தால், மின்சாரம் போனால்: மேடைப் பேச்சுக்கான அவசர வரிகள் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மேடையில் பேசப் பழகுகிறவர்களுடன் சில ஆண்டுகளாக அமர்ந்து வருகிறேன். பேச்சை எப்படித் தொடங்குவது, எப்படி முடிப்பது என்பதற்கு அடுத்தபடியாக என்னிடம் வரும் ஐயங்கள் பெரும்பாலும் இவைதாம். கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளைத் தொகுத்திருக்கிறேன்.

அவசர வரி என்றால் என்ன? சமாளித்துப் பேசத் தெரிந்தவருக்கும் அது தேவையா?

கருவி ஏதேனும் பழுதாகும் கணத்தில் சொல்வதற்கென்று முன்கூட்டியே எழுதி, வாய்விட்டுச் சொல்லிப் பழகிவைத்த ஓரிரு வாக்கியங்களையே அவசர வரி என்கிறேன். அது மூன்று வேலைகளைச் செய்ய வேண்டும். அவையினர் இப்போது என்ன செய்ய வேண்டும் என்று சொல்ல வேண்டும். பழுதைப் பார்க்கிறவருக்குச் சிறிது நேரம் வாங்கித் தர வேண்டும். பேச்சின் இழை அறுபடாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். என்ன நடந்தது என்று அறிவிப்பது அதன் வேலை அன்று. மைக் நின்றதும் விளக்கு அணைந்ததும் எல்லோருக்கும் தெரிந்த செய்திகள்தாம்.

சமாளிக்கத் தெரிந்தவருக்கும் இது தேவை என்பதை என் அனுபவத்திலிருந்தே சொல்வேன். தொடக்க காலத்தில் ஒரு கூட்டத்தில் பேசிக்கொண்டிருந்தபோது கையிலிருந்த மைக் நின்றுபோனது. “ஹலோ, ஹலோ” என்றேன், மைக்கைத் தட்டினேன், மேடையின் ஓரத்தைப் பார்த்தேன், மறுபடியும் “ஹலோ” என்றேன். மைக் திரும்பி வந்தபோது எங்கே விட்டேன் என்பது நினைவில் இல்லை. முன்பு சொன்ன பகுதியையே மறுபடி சொல்லி, இறுதிப் பகுதிக்கு நேரமில்லாமல் முடித்தேன். என் கட்டைவிரல்தான் மைக்கின் பொத்தானைத் தள்ளியிருக்கிறது என்பது பின்னர்தான் தெரிந்தது. பேசத் தெரியாததால் நேர்ந்த தடுமாற்றம் அன்று அது. அடுத்த வாக்கியத்தை அந்தக் கணத்தில் புதிதாகத் தேட வேண்டியிருந்ததால் நேர்ந்தது.

ஒரு பேச்சுக்கு எத்தனை வரிகள் தயார் செய்ய வேண்டும்?

மூன்று பழுதுகளுக்கும் ஒவ்வொன்றாக மூன்று வரிகள் போதும். அவற்றை ஒருமுறை எழுதிவிட்டால் எந்தப் பேச்சுக்கும் அப்படியே பயன்படுத்தலாம். பேச்சுக்குப் பேச்சு புதிதாக எழுத வேண்டியவை, நான் ‘திரும்பும் வாக்கியங்கள்’ என்று சொல்கிறவை. உங்கள் பேச்சில் நான்கு பகுதிகள் இருந்தால் பகுதிக்கு ஒன்றாக நான்கு திரும்பும் வாக்கியங்கள் வேண்டும்.

திரும்பும் வாக்கியத்தில் இதுவரை நிலைநாட்டியது பாதியும் அடுத்து வரப்போவது பாதியும் இருக்கும். வீட்டுத் தண்ணீர்க் கசிவைக் கண்டறிவது பற்றி ஒருவர் 20 நிமிடம் பேசுகிறார் என்று வைத்துக்கொள்வோம். இரண்டாம் பகுதிக்கான அவருடைய வாக்கியம் இப்படி இருக்கலாம்: “எல்லாக் குழாய்களும் மூடியிருந்தும் மீட்டர் நகர்ந்தது என்பதுவரை பார்த்தோம், அந்தத் தண்ணீர் எந்த வழியாகப் போகிறது என்பதை இனிக் கண்டுபிடிப்போம்.” இடைவேளை அரை நிமிடமாக இருந்தாலும் ஐந்து நிமிடமாக இருந்தாலும் இந்த ஒரு வாக்கியம் கேட்பவரைப் பழைய இடத்தில் கொண்டுவந்து நிறுத்திவிடும். “எங்கே விட்டேன்?” என்று அவையைக் கேட்பவருக்கு நான்கு பேர் நான்கு விதமாகப் பதில் சொல்வார்கள்.

மைக் நின்றுவிட்டது என்பது எனக்கே எப்படித் தெரியும்? “கேட்கிறதா?” என்று கேட்கலாமா?

மேடையில் நிற்பவருக்கு அவருடைய சொந்தக் குரல் எப்போதும் கேட்டுக்கொண்டுதான் இருக்கும். அதனால் பழுது அவருக்குத் தாமதமாகவே தெரியும். முதலில் மாறுவது எதிரொலி. அரங்கின் பின்புறத்திலிருந்து சற்றுத் தாமதித்துத் திரும்பி வந்துகொண்டிருந்த உங்கள் குரல் திடீரென்று இல்லாமல் போகும். அடுத்து, கடைசி வரிசைகளில் தலைகள் முன்னோக்கிச் சாயும், சிலர் பக்கத்தில் இருப்பவரைப் பார்ப்பார்கள். முன்வரிசைக்காரர்கள் மட்டும் எதுவும் நடக்காததுபோல் கேட்டுக்கொண்டிருப்பார்கள். பேசும்போது கடைசி வரிசையை அவ்வப்போது பார்க்கச் சொல்வது இதற்காகவும்தான்.

“கேட்கிறதா?” என்ற கேள்வியால் பயனில்லை. கேட்கிறவர்கள் “கேட்கிறது” என்பார்கள். கேட்காதவர்களுக்கு அந்தக் கேள்வியே போய்ச் சேராது. அதற்குப் பதிலாக உங்கள் கையை உயர்த்திக் காட்டியபடி, “கடைசி மூன்று வரிசைகளில் இருப்பவர்கள், என் குரல் கேட்டால் கையை உயர்த்துங்கள்” என்று சொல்லுங்கள். கைகள் உயராவிட்டால் அதுவே பதில்.

மைக் நின்ற முதல் பத்து விநாடிகளில் என்ன சொல்வது, என்ன செய்வது?

சொல்ல வேண்டியதை முதலில் சொல்லுங்கள். பிறகு மைக்கைப் பாருங்கள். தலையைக் குனிந்து கருவியை ஆராயத் தொடங்கிவிட்டால் உங்கள் குரலும் தரையை நோக்கிப் போய்விடும். நிமிர்ந்து நின்று, மூச்சை இழுத்து, “ஒரு நிமிடம். மைக்கைச் சரிபார்த்துவிட்டுத் தொடர்கிறேன்” என்று சொன்னால் போதும். இது ஐந்தே சொற்களில் முடிவதற்குக் காரணம் உண்டு: பெருக்கப்படாத குரலில் நீண்ட வாக்கியம் பாதியிலேயே கரைந்துவிடும்.

அதன்பின் கம்பியில்லாக் கைமைக்காக இருந்தால் பொத்தான் அணைந்திருக்கிறதா, சிறு விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். விளக்கு சிவப்பாக மாறியிருந்தாலோ எரியாமலே இருந்தாலோ பேட்டரி தீர்ந்திருக்கலாம். விளக்கு எரிந்தும் ஒலி விட்டுவிட்டு வருகிறது என்றால், மைக்கின் அடிப்பகுதியைக் கையால் மூடிப் பிடித்திருக்கிறீர்களா என்று கவனியுங்கள். பல மைக்குகளில் ஆன்டெனா அடிமுனையில்தான் இருக்கிறது. உள்ளங்கை அதை மறைத்தால் சிக்னல் பலவீனமாகிவிடும். கம்பியுள்ள மைக் என்றால் அடியில் செருகிய கம்பி தளர்ந்திருக்கலாம். சட்டையில் குத்தும் மைக்காக இருந்தால் இடுப்பில் மாட்டிய பெட்டியிலிருந்து அதன் கம்பி கழன்றிருக்கலாம். அதை மேடையில் நின்றபடி நீங்களே தேடிச் சரிசெய்வது அழகாகவும் இருக்காது, எளிதாகவும் இருக்காது. கைமைக் ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

மைக்கைத் தட்டவோ அதில் ஊதவோ வேண்டாம். ஒலி திடீரெனத் திரும்பினால் அந்தத் தட்டு அரங்கமே அதிரும்படி வெடிக்கும். ஊதும்போது போகும் ஈரமும் மைக்குக்கு நல்லதன்று. சோதிக்க வேண்டுமானால் சாதாரணமாகப் பேசிப் பாருங்கள். அந்தச் சோதனைச் சொற்களுக்கே உங்கள் திரும்பும் வாக்கியத்தைப் பயன்படுத்தினால் “ஹலோ”வுக்குச் செலவாகும் நேரமும் மிச்சம்.

மைக் சரியாகவே இல்லை. கத்திப் பேசி முடித்துவிடலாமா?

முடிக்கலாம், ஆனால் கத்த வேண்டாம். தடையில்லாத வெளியில் தொலைவு இரு மடங்காகும் ஒவ்வொரு முறையும் ஒலியளவு சுமார் 6 டெசிபல் குறைகிறது. அரங்கிற்குள் சுவர்கள் ஒலியைத் திருப்பித் தருவதால் இழப்பு சற்றுக் குறையும். ஆனாலும் தொலைவைக் குறைப்பதுதான் தொண்டையை வருத்துவதைவிடப் பலன் தரும். 8 மீட்டர் தொலைவில் இருப்பவரை நோக்கி 4 மீட்டர் முன்னேறினால், தொண்டைக்கு வேலை தராமலே அந்த 6 டெசிபல் உங்களுக்குத் திரும்பக் கிடைக்கிறது. ஆகவே மேடையை விட்டு இறங்கி, நடுவழியில் அவையின் மூன்றில் ஒரு பங்கு தூரம் உள்ளே சென்று நில்லுங்கள். உங்களுக்குப் பின்னால் ஆகிவிட்டவர்களுக்காக அவ்வப்போது திரும்பிப் பேசுங்கள்.

இதற்கான வரி: “மைக் இல்லாமலே தொடர்கிறேன். பின்வரிசையில் இருப்பவர்கள் முன்னால் காலியாக உள்ள இருக்கைகளுக்கு வந்துவிடுங்கள். ஒரு நிமிடம் காத்திருக்கிறேன்.” உண்மையிலேயே காத்திருங்கள். நாற்காலி நகரும் சத்தத்துக்கு மேல் பேசினால் உங்களை அறியாமலே குரல் உயரும். இரைச்சலில் மனிதர் தானாகக் குரலை உயர்த்துவதை எட்டியென் லொம்பார் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1911-இல் விவரித்தார். இன்றும் அது அவர் பெயராலேயே அறியப்படுகிறது. அந்த நிலையில் பத்து நிமிடம் பேசினால் தொண்டை கட்டிக்கொள்ளும்.

வாக்கியங்களைச் சிறிதாக்குங்கள், ஒவ்வொன்றின் கடைசிச் சொல்லையும் விழுங்காமல் சொல்லுங்கள். தமிழில் வினைமுற்று இறுதியில் வருகிறது; “செய்யலாம்”, “செய்யக்கூடாது” என்ற வேறுபாடு முழுவதும் அந்தக் கடைசிச் சொல்லில்தான் இருக்கிறது. குரல் தாழ்ந்து அது மட்டும் கேட்காமல் போனால் பொருளே தலைகீழாகிவிடும். அமைதியான அறையில் ஐம்பது அறுபது பேர்வரை இப்படிப் பேசிவிட முடியும் என்பது என் கணிப்பு. அதற்கு மேற்பட்ட கூட்டமானால் பேச்சைப் பாதியாகச் சுருக்கி, முடிவுரைக்குச் சென்றுவிடுவதே நல்லது.

ஸ்லைடு நகரவே மாட்டேன் என்கிறது. எவ்வளவு நேரம் முயன்று பார்ப்பது?

ஒரு முயற்சி, அரை நிமிடம். அதற்குள் பழுது எங்கே என்று தெரிந்துகொள்ள, மடிக்கணினியின் திரையையும் பெரிய திரையையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். மடிக்கணினியில் ஸ்லைடு மாறுகிறது, ஆனால் பெரிய திரையில் பழைய படமே நிற்கிறது என்றால், புரொஜெக்டரின் ரிமோட்டில் இருக்கும் Freeze பொத்தானை யாரேனும் அழுத்தியிருக்கக்கூடும். பெரிய திரையில் No Signal என்று வந்தால் கம்பியைப் பாருங்கள். இரண்டிலும் மாறவில்லை, ஆனால் விசைப்பலகையின் அம்புக்குறியை அழுத்தினால் மாறுகிறது என்றால், குறை உங்கள் கையில் உள்ள கிளிக்கரில்தான். விசைப்பலகைக்கும் அசையவில்லை என்றால் வேறொரு சாளரம் முன்னால் வந்து உங்கள் அழுத்தங்களை எல்லாம் வாங்கிக்கொண்டிருக்கலாம். ஸ்லைடின் மீது ஒருமுறை சொடுக்கிப் பாருங்கள். அதற்கும் அசையாவிட்டால் நிரலே உறைந்துவிட்டது, அதை மூடித் திறக்கத்தான் வேண்டும்.

அந்த அரை நிமிடத்துக்கான வரி: “படம் வரும்வரை காத்திருக்க வேண்டாம், அதில் என்ன இருக்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன்.” சொல்லிவிட்டு உடனே பேசத் தொடங்குங்கள், மடிக்கணினியை வேறொருவர் பார்க்கட்டும். அப்படி ஒருவரைப் பேச்சுக்கு முன்பே பேசிவைத்துக்கொள்வதும் இந்தத் தயாரிப்பில் சேரும். அவருக்கு ஒரு துண்டுச் சீட்டில் இவற்றை எழுதிக் கொடுங்கள்: பவர்பாயிண்ட்டில் B விசை திரையைக் கருப்பாக்கும், மீண்டும் அழுத்தினால் படம் வரும், ஸ்லைடின் எண்ணைத் தட்டி Enter அழுத்தினால் நேராக அந்த ஸ்லைடுக்குப் போகலாம், நிரலை மூடித் திறந்த பின்பு, விட்ட ஸ்லைடைத் தேர்ந்துகொண்டு Shift + F5 அழுத்தினால் அங்கிருந்தே காட்சி தொடங்கும். F5 மட்டும் அழுத்தினால் முதல் ஸ்லைடிலிருந்து தொடங்கி, தலைப்பு தொட்டு எல்லாவற்றையும் அவையினர் மறுபடி பார்க்க நேரிடும்.

தவறான படம் திரையில் உறைந்து நிற்கும்போது அதன் முன்னால் நின்று வேறொன்றைப் பேசுவது வீண். கண் படத்தைத்தான் பார்க்கும். திரையைக் கருப்பாக்க முடியாவிட்டால் புரொஜெக்டரின் முகப்பை ஒரு அட்டையால் மறைத்துவிடச் சொல்லுங்கள். அது சூடாகும் கருவி. அட்டையை ஒட்டி வைக்காமல் சற்றுத் தள்ளி, சில நிமிடங்களுக்கு மட்டும் பிடிக்க வேண்டும்.

என் பேச்சில் படம்தான் உயிரே. அது இல்லாமல் எப்படிச் சொல்வது?

முன்பு எடுத்துக்காட்டிய தண்ணீர்க் கசிவுப் பேச்சையே எடுத்துக்கொள்வோம். 12 ஸ்லைடுகள், ஒன்பதாவது நிமிடத்தில் ஏழாவது ஸ்லைடு வர வேண்டும். ஓர் இரவில் மணிக்கு மணி எவ்வளவு தண்ணீர் மீட்டரைக் கடந்தது என்ற வரைபடம் அதில் இருக்கிறது. திரை ஆறாவதிலேயே உறைந்துவிட்டது. தயாரிப்பில்லாதவர் இந்த இடத்தில், “இங்கே ஒரு வரைபடம் வந்திருக்க வேண்டும், அதில் ஒரு நீலக் கோடு மேலே போய்க்கொண்டிருக்கும்” என்று விவரிக்கத் தொடங்குவார். வராத படத்தின் நிறத்தையும் வடிவத்தையும் சொல்லுவதால் கேட்பவருக்குக் கிடைப்பது ஏமாற்றம் மட்டுமே.

வரைபடம் எதை நிரூபிக்க வந்ததோ அதைச் சொல்ல வேண்டும். ஏழாவது ஸ்லைடுக்கு அவர் எழுதிவைத்திருக்கும் மாற்றுப் பத்தி இப்படி இருக்கலாம்: “இரவு 11 மணிக்கு மீட்டரில் இருந்த எண்ணைக் குறித்துக்கொண்டோம். காலை 5 மணிக்கு மறுபடி பார்த்தோம். இடையில் யாரும் குழாயைத் திறக்கவில்லை. எண் மாறாமல் இருந்திருக்க வேண்டும். ஆனால் 36 லிட்டர் கூடியிருந்தது. ஆறு மணி நேரத்தில் 36 என்றால் மணிக்கு 6 லிட்டர். ஒரு நாளைக்கு 144 லிட்டர்.” இதைச் சொல்லும்போது இடது கையைக் கிடைமட்டமாக நீட்டி “மீட்டர் இப்படி நின்றிருக்க வேண்டும்” என்றும், வலது கையை அதிலிருந்து மெல்ல உயர்த்தி “இப்படி ஏறியிருந்தது” என்றும் காட்டினால் வரைபடம் அங்கேயே வந்துவிடுகிறது. பத்தி முடிந்ததும் திரும்பும் வாக்கியம்: “எல்லாக் குழாய்களும் மூடியிருந்தும் மீட்டர் நகர்ந்தது என்பதுவரை பார்த்தோம்…” படம் திரும்பி வந்தாலும் வராவிட்டாலும் மூன்றாம் பகுதி தொடங்கிவிடும்.

பன்னிரண்டு ஸ்லைடுகளுக்கும் இப்படி எழுதத் தேவையில்லை. தலைப்பும் குறிப்புகளும் மட்டுமே உள்ள ஸ்லைடுகள் இல்லாமற்போனால் இழப்பொன்றும் இல்லை. இந்தப் பேச்சில் மாற்றுப் பத்தி தேவைப்படுவது இரண்டே ஸ்லைடுகளுக்குத்தான்: இந்த வரைபடம், மீட்டரின் முகப்பைக் காட்டும் புகைப்படம். உங்கள் பேச்சில் சொல்லில் அடங்காத படம் உண்மையிலேயே இருந்தால், உதாரணமாக இரண்டு நிழற்படங்களை நுணுக்கமாக ஒப்பிட வேண்டியிருந்தால், அதை மட்டும் தாளில் அச்சிட்டுச் சில பிரதிகள் கையில் வைத்திருங்கள்.

பேச்சின் நடுவில் மின்சாரம் போய் இருட்டாகிவிட்டால் முதலில் என்ன சொல்ல வேண்டும்?

மற்ற இரண்டு பழுதுகளில் முதல் வரி பேச்சைக் காப்பாற்றுவதற்கு. இங்கே முதல் வரி ஆட்களைக் காப்பாற்றுவதற்கு. வெளிச்சத்திலிருந்து இருட்டுக்கு மாறிய கண் ஓரளவு பழகவே சில நிமிடங்கள் ஆகும்; அந்த நேரத்தில் யாரேனும் எழுந்து நடந்தால் படியிலோ கம்பியிலோ தடுக்கி விழுவார்கள். மேடையின் விளிம்பில் நிற்கும் நீங்களும் அப்படித்தான். ஆகவே காலை நகர்த்தாமல் நின்ற இடத்திலேயே நின்று, இரண்டு மூன்று விநாடிகளுக்குள், நிதானமான தாழ்ந்த குரலில் சொல்லுங்கள்: “எல்லோரும் அப்படியே அமர்ந்திருங்கள். வெளிச்சம் வரும்வரை யாரும் எழுந்து நடக்க வேண்டாம். நான் இங்கேயேதான் இருக்கிறேன்.” இருட்டில் கூட்டம் முதலில் தேடுவது தெரிந்த ஒரு குரலை.

“இதோ ஒரு நிமிடத்தில் வந்துவிடும்” என்று சொல்லாதீர்கள். அது உங்களுக்குத் தெரியாது. ஜெனரேட்டர் இருக்கிறதா, அது தானாக இயங்குமா, எந்தெந்த இணைப்புகளுக்கு அது மின்சாரம் தரும் என்பதையெல்லாம் அரங்கப் பொறுப்பாளரிடம் முன்பே கேட்டுத் தெரிந்துகொண்டிருந்தால் மட்டும், “ஜெனரேட்டர் இருக்கிறது, இயக்கப் போயிருக்கிறார்கள்” என்று சொல்லலாம்.

புகை, கருகும் நாற்றம், எச்சரிக்கை மணி இவற்றில் ஏதேனும் இருந்தால் மேற்சொன்ன வரி பொருந்தாது. அப்போதைய வரி வேறு: “பேச்சை நிறுத்துகிறேன். உங்களுக்கு அருகில் உள்ள வாசல் வழியாக, ஓடாமல், வெளியேறுங்கள்.” வாசல்கள் எங்கே என்பதைப் பேசத் தொடங்கும் முன்பே பார்த்து வைத்திருந்தால்தான் இதைத் தடுமாறாமல் சொல்ல முடியும்.

இருட்டிலேயே பேச்சைத் தொடரலாமா?

அவசரகால விளக்காவது எரிகிறது, ஆட்கள் அமைதியாக இருக்கிறார்கள் என்றால் தாராளமாகத் தொடரலாம். மின்சாரம் போகும்போது மின்விசிறி, குளிர்சாதனம், புரொஜெக்டர் ஆகியவற்றின் இரைச்சலும் சேர்ந்தே நின்றுவிடுகிறது. அதுவரை மூழ்கிக் கிடந்த குரல் அந்த அமைதியில் எதிர்பாராத தூரம் போகும். மைக் மட்டும் நின்றபோது எட்டாத வரிசைகூட இப்போது எட்டக்கூடும். எனவே மின்வெட்டைப் பொறுத்தவரை, மைக் இல்லாமல் பேசுவதற்கு முன்னர்ச் சொன்ன யோசனைகளில் இறங்கி நடப்பதையும் பின்வரிசையினரை முன்னால் வரச் சொல்வதையும் தவிர மற்றவை எல்லாம் பொருந்தும்.

வெளிச்சத்துக்குக் கைபேசி விளக்கைப் பயன்படுத்துவதாக இருந்தால் அதை முகத்துக்குக் கீழே பிடிக்காதீர்கள். கண்குழிகளில் நிழல் விழுந்து பேய்க்கதை சொல்பவர்போல் தோன்றுவீர்கள். அவையை நோக்கிப் பிடித்தாலும் அவர்கள் கண் கூசும். வெளிர்நிறச் சுவரை நோக்கித் திருப்பி வைத்தால் மெல்லிய ஒளி மேடை முழுவதும் பரவும். மடிக்கணினி தன் பேட்டரியில் ஓடிக்கொண்டிருக்கும். அதன் திரையைக் குறிப்புகள் வாசிக்கும் விளக்காக வைத்துக்கொள்ளலாம்.

மின்சாரம் திரும்பி வந்ததும் உடனே ஸ்லைடுக்குப் போகலாமா?

பெரும்பாலும் முடியாது. விளக்கொளியால் இயங்கும் புரொஜெக்டர் திடீரென்று அணைந்தால், உள்ளிருக்கும் விளக்கு குளிர்விக்கப்படாமல் சூடாகவே நின்றுவிடுகிறது. மின்சாரம் வந்தாலும் அது ஆறும்வரை மறுபடி எரிய மறுத்துச் சில நிமிடங்கள் எடுத்துக்கொள்ளும். லேசர் வகைக் கருவிகள் விரைவில் எழுந்துவிடும். மைக்குகளின் ஒலியைக் கட்டுப்படுத்தும் டிஜிட்டல் மிக்சர் இருந்தால் அதுவும் மறுபடி தொடங்கிய பின்னரே மைக்கில் ஒலி வரும். இந்தக் கால வேறுபாட்டுக்குத்தான் மாற்றுப் பத்தி. விளக்கு வந்துவிட்டதே என்று அதை நடுவில் நிறுத்தாதீர்கள்.

பலரும் தவறும் இடம் மைக் உயிர்பெறும் கணம். அதுவரை குரலை உயர்த்திப் பேசிக்கொண்டிருப்பீர்கள். மைக் திடீரெனத் திரும்பினால் அந்த உயர்ந்த குரலே பெருக்கப்பட்டு அரங்கில் இடிக்கும். ஆகவே மின்சாரம் வந்ததைப் பார்த்தவுடன் மைக்கை வாயிலிருந்து இறக்கி, நடுவில் உள்ள வாக்கியத்தை முடித்து, ஒரு மூச்சு விட்டு, வழக்கமான குரலில் திரும்பும் வாக்கியத்தைச் சொல்லித் தொடங்குங்கள்.

இப்படிப்பட்ட நேரத்தில் நகைச்சுவையாக ஏதாவது சொன்னால் நல்லதுதானே?

மைக்குக்கும் ஸ்லைடுக்கும் ஒரு சிறு வரி இருக்கலாம். இருட்டுக்கான முதல் வரியில் கூடாது. கேட்பவரில் சிலர் பயந்திருக்கும்போது சொல்லப்படும் நகைச்சுவை அவர்களைத் தனியே விட்டுவிடும். “தொழில்நுட்பம் சதி செய்துவிட்டது” போன்ற தேய்ந்த வரிகளை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. வேடிக்கை உங்கள் பொருளிலிருந்தே வந்தால் அது பேச்சின் பகுதியாகிவிடும். தண்ணீர்க் கசிவுப் பேச்சாளர் மைக் விட்டுவிட்டு ஒலித்தபோது, “கசிவு இங்கேயும் இருக்கிறது” என்று சொல்லலாம். அதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

மைக்செட்காரரை வைத்துச் சிரிப்பு மூட்டுவது மட்டும் எக்காரணம் கொண்டும் வேண்டாம். அந்த நேரத்தில் உங்களுக்கு உதவக்கூடிய ஒரே மனிதர் அவர்தான். தவிர, பொத்தானைத் தள்ளியது யாருடைய கட்டைவிரல் என்பது இன்னும் தெரியாது.

உருக்கமான இடத்தில், ஒருவருடைய மறைவைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கும்போது மைக் நின்றால்?

எதுவும் அறிவிக்காதீர்கள். “மைக்கைச் சரிபார்த்துவிட்டு” என்ற வரி இங்கே அந்தக் கணத்தைச் சிதைத்துவிடும். பேசாமல் நின்று, மைக்கை மெதுவாக இறக்கி, ஓரடி முன்னே வந்து, கடைசியாகச் சொன்ன வாக்கியத்தை முழுவதுமாக ஒருமுறை மறுபடி சொல்லித் தொடருங்கள். அவையினர் அந்த அமைதியைப் பேச்சின் அமைதியாகவே எடுத்துக்கொள்வார்கள். இந்த ஓரிடத்தில் அவசர வரி என்பது நீங்கள் ஏற்கெனவே சொன்ன வாக்கியம்தான். ஆகவே அப்படிப்பட்ட பத்தியைச் சிறு வாக்கியங்களாக எழுதுவது நல்லது. நீண்ட வாக்கியத்தைப் பாதியிலிருந்து எடுத்துத் தொடர முடியாது.

போன நேரத்தை எப்படி ஈடுகட்டுவது?

வேகமாகப் பேசி ஈடுகட்ட முடியாது. எந்தப் பகுதியை விடுவது என்பதை வீட்டிலேயே தீர்மானித்து, குறிப்பில் அதைச் சுற்றி ஒரு கட்டம் போட்டுக்கொள்ளுங்கள். நம் எடுத்துக்காட்டில் 20 நிமிடத்தில் 4 நிமிடம் போய்விட்டால் வெட்டவேண்டியது, கசிவு ஏன் கண்ணுக்குப் படுவதில்லை என்ற விளக்கத்தின் எஞ்சிய பகுதியையும் இரண்டாவது எடுத்துக்காட்டையும். எந்நேரத்தில் குழாய்ப் பணியாளரை அழைக்க வேண்டும் என்ற இறுதிப் பகுதியை அன்று. “நேரம் போய்விட்டதால் சிலவற்றை விட்டுவிடுகிறேன்” என்று சொல்லவும் வேண்டாம். விட்டது என்ன என்று அவர்களுக்குத் தெரியாதவரை அதை யாரும் தேட மாட்டார்கள்.

வரிகளை மனப்பாடம் செய்ய வேண்டுமா, எழுதி வைத்துக்கொண்டால் போதாதா?

மூன்று அவசர வரிகளையும் மனப்பாடம் செய்யுங்கள். திரும்பும் வாக்கியங்களையும் மாற்றுப் பத்திகளையும் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். கைபேசியிலோ மடிக்கணினியிலோ மட்டும் வைத்திருப்பது, எந்தக் கருவி கைவிடும் என்று அஞ்சுகிறோமோ அதனிடமே மாற்றையும் ஒப்படைப்பதாகும். உள்ளங்கை அளவு அட்டையில், அரையிருட்டிலும் தெரியும்படி கருப்பு மையால் பெரிய எழுத்தில் எழுதுங்கள்.

ஒத்திகையின்போது நண்பர் ஒருவரை, அவர் விரும்பும் இடத்தில் மூன்று முறை குறுக்கிடச் சொல்லுங்கள்: ஒருமுறை “மைக்” என்பார், ஒருமுறை மடிக்கணினியை மூடுவார், ஒருமுறை விளக்கை அணைப்பார். எப்போது வரும் என்று உங்களுக்குத் தெரியக் கூடாது. முதல் ஒத்திகையில் அநேகமாக எல்லோரும் “ஐயோ” என்றுதான் தொடங்குகிறார்கள். மூன்றாவது ஒத்திகையில் வரி தானாக வாயில் வந்துவிடுகிறது.

அரங்கில் எல்லோருக்கும் என் குரல் கேட்கிறது. அப்படியானால் மைக்குக்காகக் காத்திருக்காமல் தொடரலாம் அல்லவா?

அரங்கில் இருப்பவர்கள் மட்டும்தான் கேட்கிறார்கள் என்பது உறுதியானால் தொடரலாம். பேச்சு பதிவு செய்யப்பட்டாலோ இணையவழியில் பிறர் கேட்டுக்கொண்டிருந்தாலோ, அவர்களுக்குக் குரல் போவது பெரும்பாலும் அந்த மைக்கின் வழியாகத்தான். அரங்கில் நீங்கள் சிறப்பாகப் பேசிக்கொண்டிருப்பீர்கள். பதிவில் வாய் மட்டும் அசைந்துகொண்டிருக்கும். செவித்திறன் குறைந்தவர்களுக்கென, மைக்கின் ஒலியை அவர்களுடைய கேட்புக்கருவிக்கு நேராக அனுப்பும் தூண்டல் வளையம் அமைத்த அரங்கில், கேட்புக்கருவியை அதனுடன் இணைத்திருப்பவருக்கும் மைக் நின்றால் ஒலி நின்றுவிடும்; அவர் உங்கள் எதிரிலேயே, முன்வரிசையிலேயே அமர்ந்திருக்கலாம்.

எனவே பேசத் தொடங்கும் முன் அமைப்பாளரிடம் ஒரு கேள்வி கேட்டுவிடுங்கள்: “மைக் இல்லாமல் நான் பேசினால் யாருக்குக் கேட்காது?” யாருமில்லை என்றால் முன்னர்ச் சொன்னபடி இறங்கிவந்து பேசுங்கள். யாரேனும் உண்டு என்றால் வரியை மாற்றிக்கொள்ளுங்கள்: “மைக்கை நம்பிக் கேட்பவர்களும் இருக்கிறார்கள், அது வரும்வரை ஐந்து நிமிடம் நிறுத்துகிறேன். அதற்குள் பக்கத்தில் இருப்பவரிடம், உங்கள் வீட்டு மீட்டர் எங்கே இருக்கிறது என்று பேசிக்கொண்டிருங்கள்.” மைக் வந்ததும் திரும்பும் வாக்கியம், அதற்கு முன்பு, பழுது நேர்ந்தபின் மைக் இல்லாமல் ஏதேனும் பேசியிருந்தால் அதை மட்டும் இரண்டு வாக்கியத்தில் மறுபடி சொல்லிவிடுங்கள், பதிவில் அது இருக்காது.